சொல்லிவிட்டு எடுப்பதும் கேட்டுவிட்டு எடுப்பதும்: அறைத்தோழியிடம் எந்த வழியில் கதைப்பது?

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே ஓர் ஒழுங்கை, மூன்றாம் மாடி. இரண்டு அறை, நாலு பேர், ஒரு குளியலறை, ஒரு ஃப்ரிட்ஜ். என்னோடு ஒரே அறையில் இருந்தவள் என்னைவிட ஐந்து வயது இளையவள், ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு ஊர் தள்ளி. வந்த அன்றே என்னை "அக்கா" என்று கூப்பிடத் தொடங்கிவிட்டாள். எனக்கும் சந்தோஷம்தான். அக்காவின் சாமானை எடுக்க எந்தத் தங்கச்சியும் அனுமதி கேட்பதில்லை என்பது அப்போது மனதில் வரவில்லை.

முதலில் ஷாம்பூ. பிறகு குடை. பிறகு அம்மா இரவு பஸ்ஸில் போட்டுவிட்ட மிளகாய்த்தூள். ஒவ்வொன்றும் வாய் திறக்கும் அளவுக்குப் பெரிதில்லை. ஒரு வியாழக்கிழமை பின்னேரம் வேலையால் வந்து அலுமாரியைத் திறந்தால் என் நீல மருதமுனைக் கைத்தறிச் சீலையைக் காணவில்லை. மறுநாள் காலைக் கூட்டத்துக்கென்று அயன் பண்ணி மடித்து வைத்திருந்தது. அது அந்நேரம் பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வரவேற்பில் நின்றது. இரவு பத்தரைக்குத் திரும்பி வந்தது, கொய்யகத்தில் கறிக் கறையோடு.

"நான் மெசேஜ் போட்டனான் தானே அக்கா?" என்றாள்.

போட்டுத்தான் இருந்தாள். நாலு மணிக்கு: "அக்கா உங்கட நீலச் சீலையைக் கட்டுறன்." நான் ஆறு மணிவரை போனைப் பார்க்கவில்லை.

அவள் பொய் சொல்லவில்லை, களவும் எடுக்கவில்லை. அவளுடைய கணக்கில் அவள் சொல்லிவிட்டுத்தான் எடுத்தாள். என் கணக்கில் அது கேட்பது அல்ல. சொல்வது அறிவிப்பு, பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்பது என்றால் "இல்லை" என்ற பதிலுக்கும் இடம் விட்டு நிற்பது. ஒரே வீட்டில் இருவர் இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாகப் புழங்கினால் இருவருக்குமே தாங்கள் சொல்வதே சரி என்று இருக்கும். "ஒருக்காச் சொல்லிப்போட்டு எடும்" என்று முன்பு குடை விஷயத்தில் நானேதான் அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் அதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறாள்!

ஆகவே எப்படியாவது திருத்திச் சொல்லியாக வேண்டும். எனக்கு முன்னால் நாலு வழி இருந்தது. ஒன்றை ஏற்கெனவே செய்து பார்த்திருந்தேன், இரண்டை மற்றவர்கள் செய்ததைப் பார்த்திருந்தேன்.

வாய் திறக்காத வழி

முதல் வழி பூட்டு. காலி வீதியில் எந்த ஹார்ட்வெயார் கடையிலும் சின்னப் பூட்டு வாங்கலாம், அலுமாரிக்குப் போடலாம், கதைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே அறையில் படுப்பவளுக்கு ஒவ்வொரு காலையும் அந்தப் பூட்டுச் சத்தம் கேட்கும். தன்மேல் சந்தேகம் என்பது விளங்கும், எதைச் செய்ததற்கு என்பது விளங்காது. எப்படி நடந்தால் பூட்டுக் கழரும் என்பதும் அவளுக்குத் தெரியாது. அதனால் அவளால் திருந்தவும் முடியாது, கோபிக்கத்தான் முடியும்.

இதன் இன்னொரு வடிவம் பெயர் எழுதி ஒட்டுவது. அடுத்த அறை ஹட்டன் பிள்ளை ஒரு மாதம் அப்படிச் செய்தாள். தன் பால்மாப் பேணியில் பெயர், தயிர்ச் சட்டியில் பெயர், பால்மா எவ்வளவு இருந்தது என்று பேணிக்கு வெளியே மார்க்கரால் கோடும்கூட. அவளைக் குறை சொல்ல மாட்டேன். 2022இல் பால்மா பக்கெட் ஒன்றுக்குக் கடை வாசலில் நின்றவர்களுக்கு அந்தக் கோட்டின் அர்த்தம் தெரியும். நடந்தது என்னவென்றால், பெயர் எழுதியது அவளுடையது என்றானதும், பெயர் எழுதாதது எல்லாருடையதும் என்றானது. அவள் எழுத மறந்த முட்டை இரண்டு நாளில் தீர்ந்தது. ஒட்டத் தொடங்கினால் எல்லாவற்றுக்கும் ஒட்ட வேண்டும், ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

பூட்டு சரியாகப் பொருந்துகிற இடமும் உண்டு. அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வங்கி அட்டை, நகை, வழமையாகக் குடிக்கிற மருந்து. காணாமல் போனால் உடனே இன்னொன்று வாங்கி ஈடுகட்ட முடியாதவை இவை. இதற்குப் பூட்டுப் போடுவதை எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டே போடலாம், ஒருவரும் குறையாக எடுப்பதில்லை. ஒரு நாள் பெயின்டர்களும் பிளம்பரும் வந்து போகிற வீட்டில் அது எல்லாருக்கும் நல்லது.

குரூப்பில் போடுகிற வழி

வீட்டுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. மிளகாய்த்தூள் குறைந்த நேரம் நான் அதில்தான் எழுதினேன்: "தயவுசெய்து மற்றவர்களின் பொருட்களை அனுமதியின்றி எடுக்க வேண்டாம்." இப்போது வாசித்தால் சிரிப்பு வருகிறது. ஆஸ்பத்திரி வார்டு வாசலில் தொங்குகிற போர்ட்டு மாதிரி இருக்கிறது. நாங்கள் கதைக்கிற தமிழ் ஒன்று, கோபம் வந்தால் எழுதுகிற தமிழ் இன்னொன்று. எழுத்துத் தமிழுக்கு ஏறியதுமே கோபம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடுகிறது.

அன்றிரவு மட்டக்களப்புப் பிள்ளை கதவைத் தட்டினாள். போன கிழமை ஒரு வெங்காயம் எடுத்தாளாம், அதைத்தானா சொல்கிறேன் என்று கேட்டாள். ஹட்டன் பிள்ளை இரண்டு நாள் என்னோடு அளந்து கதைத்தாள். மிளகாய்த்தூளை எடுத்தவளோ குரூப்பில் கட்டைவிரல் ஒன்று போட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தாள். அவள் தன்னை அந்த "மற்றவர்கள்" கணக்கில் வைத்திருக்கவேயில்லை. அக்காவின் தூள்தானே! பொதுவாகச் சொன்னது படவேண்டியவளில் படாமல், பிழை செய்யாதவர்களில் பட்டது.

அதற்காகக் குரூப் உதவாது என்றில்லை. ஆளைப் பற்றியல்லாத விஷயங்களுக்கு அதைவிட நல்லது இல்லை. சாப்பாடு அப்படிப்பட்டது. உப்பு, பருப்பு, தேங்காய், வெங்காயம், காஸ் ஆகியவற்றுக்குக் கேட்டுக் கேட்டு எடு என்று சட்டம் வைத்தால் ஒருவரும் சமைக்க முடியாது. நாங்கள் ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய் போட்டுப் பொதுக்காசு வைத்தோம், நாலு பேருக்கு 20,000. அதில் வாங்கியது எவருக்கும் எப்போதும். கடைசியாக எடுத்தவர் "தேங்காய் முடிஞ்சுது" என்று குரூப்பில் போட்டால் போதும். இங்கே சொல்வதே போதுமானது, கேட்கத் தேவையில்லை. பொதுக்காசு வந்த மாதமே சாப்பாட்டுத் தகராறில் முக்கால்வாசி போய்விட்டது. மிஞ்சியது ஊரிலிருந்து வருகிற பார்சல்தான். அம்மா இடித்துத் தந்த தூளையும் பனங்கட்டியையும் கடையில் வாங்கித் திருப்பித் தர முடியாது. ஆகவே அது உடுப்போடு சேர்ந்தது, கேட்டு எடுக்க வேண்டியது.

மூன்றாவது ஆளை வைத்துச் சொல்லுகிற வழி

எங்கள் ஆட்களுக்கு இது கைவந்த வழி. கீழ்மாடியில் இருக்கிற வீட்டுக்கார அன்ரியிடம் ஒரு சொல் போட்டுவைப்பது, அல்லது எங்கள் அம்மா அவளின் அம்மாவோடு போனில் கதைக்கும்போது மெதுவாக நுழைப்பது. முன்பு தெஹிவளையில் இருந்த வீட்டில் ஒருத்தி இப்படிச் செய்தாள். "கேட்டுட்டு எடுத்தா நல்லம்" என்று கொழும்பில் புறப்பட்டது, ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது "உங்கட பிள்ளை களவெடுக்குதாம்" என்றாகியிருந்தது. அந்த மாத முடிவில் ஒருத்தி வீடு மாறினாள். இதற்குமேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

நேரே, தனியே

மிஞ்சியது நானும் அவளும் மட்டும் இருந்து கதைப்பது. எல்லாவற்றிலும் சங்கடமானது இதுதான், நான் தெரிந்தெடுத்ததும் இதுதான். ஏனென்றால் சொல்வதற்கும் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளங்கப்படுத்த வேறு எந்த வழியிலும் இடமில்லை. பூட்டால் அதைச் சொல்ல முடியாது, குரூப்பில் சொன்னால் வகுப்பெடுப்பது போலாகும்.

எப்போது கதைப்பது என்பதில்தான் நான் அதிகம் யோசித்தேன். வியாழன் இரவு பத்தரைக்கு இல்லை, எனக்குக் கொதி. வெள்ளி காலையும் இல்லை, ஏழு மணிக்குக் குளியலறைக்கு வெளியே துவாயோடு வரிசை. வெள்ளி பின்னேரம் அவள் ஊருக்குப் போக இரவு பஸ்ஸுக்கு நிற்பாள். அந்த நேரத்தில் சொன்னால் விடியும்வரை பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போவாள், அதிகாலையில் அம்மாவிடம்தான் முதலில் கொட்டுவாள். அப்படியே கிழமைக்கணக்கில் தள்ளினாலும் கூடாது. "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, இவ்வளவு நாள் மனசுக்குள்ள வைச்சிருந்தீங்களோ?" என்ற கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. அவள் ஞாயிறு இரவு திரும்பி வந்தாள். திங்கள் போயா விடுமுறை. மற்ற இருவரும் வெளியே போனபிறகு, தேத்தண்ணியோடு பால்கனியில்.

எந்தச் சொல்லால் கூப்பிடுவது என்பதும் சின்ன விஷயமல்ல. நான் அவளோடு எப்போதும் "நீர்" என்றுதான் கதைப்பேன். கோபத்தில் எனக்கு "நீங்கள்" வந்துவிடும், ஊரில் எங்கள் வீட்டில் அது கதவை மூடுவதற்குச் சமம். "நீ" என்று இறங்கினால் ஏச்சாகிவிடும். நாளாந்தம் புழங்குகிற சொல்லிலேயே நின்றால்தான் உறவு மாறவில்லை, எடுக்கிற விதம் மட்டும் மாறவேண்டும் என்பது அவளுக்குக் கேட்கும். (இதே பேச்சு ஹட்டன் பிள்ளையோடு என்றால் "நீங்க"தான். அவளுக்கு "நீர்" என்றால் சண்டைக்கு இழுப்பது போலிருக்கும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.)

இன்னொன்றையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொண்டேன். கறையைப் பற்றி அன்றைக்குக் கதைப்பதில்லை. கறையையும் கேட்காமல் எடுத்ததையும் ஒன்றாகக் கலந்தால் அவள் டிரைகிளீனிங் காசைத் தந்துவிட்டுக் கணக்கு முடிந்தது என்று நினைப்பாள். கறையே படாமல் வந்திருந்தாலும் என் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு அயன் பண்ணிய சீலை இல்லாமல்தான் போயிருக்கும். கறைக் கணக்கை வெள்ளி காலையே ஒரே வசனத்தில் முடித்தேன்: "சீலையை கிளீனிங்குக்குக் குடுக்கிறன், பில்லைப் பாதிப் பாதி போடுவம்." முழுவதையும் கேட்டிருக்கலாம். "சொல்லிப்போட்டு எடும்" என்று வழி காட்டியவள் நான் என்பதால் பாதி.

திங்கள் நான் சொன்னது கிட்டத்தட்ட இவ்வளவுதான்:

"தங்கச்சி, அண்டைக்கு நீர் மெசேஜ் போட்டது உண்மை. நான்தான் முந்திச் சொல்லிப்போட்டு எடும் எண்டு சொன்னனான். அது சரிவரேல்ல. உடுப்பும் ஊரில இருந்து வாற சாப்பாட்டுச் சாமானும் எண்டா, எடுக்க முதல் கேளும், நான் ஓம் எண்டு சொன்னாப் பிறகு எடும். பதில் வரேல்லையெண்டா இல்லையெண்டு நினையும். குடை, சார்ஜர், குட்டிச் சாமானுக்குக் கேக்கத் தேவையில்லை, எடுத்திட்டுச் சொல்லும்."

இதில் வேலை செய்தது "பதில் வரேல்லையெண்டா" என்ற பகுதி. அது இல்லாவிட்டால் கேட்பது மறுபடி சொல்வதாக மாறிவிடும்: கேள்வியை அனுப்பிவிட்டு, கேள்விக்குறி போட்டபடியால் கேட்டதாகிவிட்டது என்று சீலையைக் கட்டிக்கொண்டு போய்விடலாம். எனக்கும் அதில் ஒரு கடமை வந்தது. வேலை நேரத்தில் அவள் கேட்டால் மதியத்துக்குள் பார்த்து ஓமோ இல்லையோ சொல்ல வேண்டும். பதில் சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு குறை சொல்ல முடியாது.

கேட்கத் தேவையில்லாதவற்றையும் பெயர் சொல்லிக் கொடுத்தது அவள் முகத்தைக் காப்பாற்றியது. எல்லாவற்றுக்கும் கேள் என்று சொன்னால் அவள் என் தங்கச்சி இல்லை, வாடகைக்கு வந்த ஆள் என்றாகிவிடும்.

அவள் சொன்ன மறுப்பு நான் எதிர்பார்த்ததுதான். "நீங்களும் என்ரையை எடுக்கலாம் தானே அக்கா, நான் ஒண்டும் சொல்லமாட்டன்." இது நல்ல மனதோடு சொல்வது, அதனால் பதில் சொல்லக் கஷ்டம். அவளுடைய சாமானுக்கு அவள் வைக்கிற சட்டம் அவளுடையது, என்னுடையதற்கு நான் வைப்பது என்னுடையது, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் சொன்னேன். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கேட்டா நீங்கள் இல்லையெண்டு சொல்லுவீங்களோ எண்டு பயம்" என்றாள். அங்கேதான் விஷயம் முழுக்க வெளியே வந்தது. அவள் கேட்காமல் இருந்தது எடுத்தெறிந்து நடப்பதால் அல்ல, மறுப்பைக் கேட்கத் தெரியாததால்.

அதற்கடுத்த பத்து நாளும் பேச்சைவிடக் கஷ்டம். உப்பு எடுக்கவும் கேட்டாள், லைட் போடவும் கேட்டாள். இப்படி அளவுக்கு மிஞ்சிக் கேட்பது பணிவல்ல, நொந்துபோன அடையாளம். அதைப் பிடித்துக்கொண்டு "உப்புக்கெல்லாம் கேக்கச் சொன்னனானோ?" என்று பாய்ந்தால் இரண்டாவது காயம். நான் செய்தது மூன்றாம் நாள் அவளிடம் போய் அவளின் கறுப்புக் கைப்பையைக் கேட்டது. "வெள்ளிக்கிழமைக்குத் தருவீரோ? தேவையெண்டா பரவாயில்லை." உண்மையில் எனக்கு அது அவ்வளவு தேவையில்லை. கேட்பது எப்படி இருக்கும், அதில் ஒருவரும் குறைந்துபோவதில்லை என்பதை என் பக்கத்திலிருந்து காட்ட வேண்டியிருந்தது. தந்தாள்.

சட்டம் உண்மையில் வேலை செய்கிறதா என்பது தெரிந்தது இன்னும் இரண்டு கிழமைக்குப் பிறகு, அவள் ஒரு சல்வாரைக் கேட்டு நான் "இல்லை, இந்தக் கிழமை எனக்கு வேணும்" என்று சொன்ன அன்று. "சரி அக்கா" என்றுவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொண்டு போனாள். எப்போதும் ஓம் என்றே சொல்லிக்கொண்டிருந்திருந்தால் கேட்பது சடங்காகி, ஒரு மாதத்தில் பழையபடி நாலு மணி மெசேஜ் வந்திருக்கும்.

கேட்டாலும் சரிவராதவை

இந்த ஒப்பீட்டுக்குள் அடங்காத சில சாமான்கள் உண்டு. துவாய், ரேசர், பல்துலக்கி, கண்மை. கேட்டு எடுத்தாலும் கூடாது, கேட்டால் கொடுக்கவும் கூடாது. கண்ணோய் துவாயாலும் கண்மையாலும் பரவும், படர்தாமரை துவாயால் வரும், ரேசரில் இரத்தம் பட்டால் ஹெப்பரைற்றிஸ் பி வரைக்கும் போகலாம். இதை உறவுப் பிரச்சினையாக்காமல் நோய்க் கதையாகவே சொல்லிவிடுவது இலகு, ஒருவரும் கோபிப்பதில்லை.

மற்றது சைவச் சட்டி. மட்டக்களப்புப் பிள்ளை வெள்ளிக்கிழமையும் கந்தசஷ்டிக்கும் சமைக்கத் தனிச் சட்டி ஒன்று வைத்திருந்தாள். ஒருநாள் அதில் ரின்மீன் கறி கொதித்தது. கழுவித் தருகிறேன் என்பதும் புதிது வாங்கித் தருகிறேன் என்பதும் அங்கே பதிலாகாது, அவளுக்கு அது அழுக்கு விஷயமே இல்லை. சட்டியை மேல் தட்டில் தனியே வைத்து "இது சைவம்" என்று எழுதினோம். பெயர் ஒட்டுவதைப் பற்றி முன்பு குறையாகச் சொன்ன நான் இந்த ஒன்றுக்கு என் கையாலேயே ஒட்டினேன். இது யாருடையது என்ற கேள்வியில்லை, என்ன சாமான் என்ற தகவல்.

நேரே கதைத்தும் நடக்காமல் போகிற இடமும் உண்டு. தெஹிவளை வீட்டில் ஒருத்தியிடம் மூன்று தரம் சொன்னோம். ஒவ்வொரு தரமும் அழுதாள், மன்னிப்புக் கேட்டாள், அடுத்த கிழமை எடுத்தாள். மறதி என்றால் எடுத்ததைக் கண்ட இடத்தில் வைப்பார்கள். இவள் உடுத்ததைத் தோய்த்து மடித்து எடுத்த இடத்திலேயே வைத்தாள், நீங்கள் கவனிக்காமல் இருப்பதற்காக. அதைக் கண்டபிறகு நாலாவது தரம் கதைப்பதில் பலன் இல்லை. அட்வான்ஸ் காசில் யாருடைய பங்கு எவ்வளவு, எத்தனை மாத நோட்டிஸ் என்று வீட்டுக்காரரோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பார்க்கிற நேரம் அது.

இப்போது எங்கள் வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி வந்தால் சாவி கொடுக்கிற அன்றே சொல்லிவிடுகிறோம். ஒன்றும் நடக்காத நாளில் சொல்வது யாரையும் குத்தாது. ஐந்து நிமிடம் ஆகும்: பொதுக்காசுச் சாமானுக்கு முடிந்தால் சொல்லு, குட்டிச் சாமானுக்கு எடுத்திட்டுச் சொல்லு, உடுப்புக்கும் பார்சலுக்கும் கேட்டு ஓம் வந்தாப் பிறகு, துவாயும் மேல்தட்டுச் சட்டியும் தொடவே வேண்டாம். கடைசியாக வந்த வவுனியாப் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது அந்தத் தங்கச்சிதான். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "சொல்லுறது வேற, கேக்கிறது வேற" என்று அவள் என்னைவிடத் தெளிவாகச் சொன்னாள், நீலச் சீலைக் கதையை மட்டும் விட்டுவிட்டு.